கயலும் வேலும் குவளையும்

திரைப்படப் பாடலை இலக்கிய நிகழ்ச்சிக்குள் கொண்டுவருவதா என்று முகம் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பெண்ணின் கண்ணை மீன் என்றும் வேல் என்றும் பூ என்றும் சொல்லும் வழக்கு. சங்கப் பாடல்களிலே தொடங்கிய அந்த வழக்கு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அது இப்போது பெரும்பாலும் குடியிருக்கும் வீடு சினிமாப் பாட்டு. வீட்டைப் பிடிக்காவிட்டாலும் குடியிருப்பவரைப் பார்க்கப் போகத்தானே வேண்டும்?

இந்தப் பொருளை நினைக்க வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது கொழும்பிலே கணக்காளராகப் பணிபுரிகிறாள். கணவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். தமிழ் தெரியாது. ஆனால் தமிழ்ப் பாட்டுக் கேட்பதில் அவளைவிட அவருக்கே ஆர்வம் அதிகம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இப்ப என்ன சொல்லுறார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், கயல்விழி எண்டால் என்னெண்டு இவருக்கு விளங்கப்படுத்துறது? மீன் கண் எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். சட்டிக்குள்ள கிடக்கிற மீன்தலையைக் காட்டி, இதுவோ எண்டு கேக்கிறார்."

அவருடைய சிரிப்பு நியாயமானது. சட்டியில் கிடக்கும் மீனின் கண் வட்டமானது, வெளிறியது, அசையாதது. அதை ஒரு பெண்ணுக்குச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? பிழை மொழிபெயர்ப்பிலே இருக்கிறது. தமிழ்ப் புலவன் கண்ணை மீனின் கண்ணுக்கு ஒப்பிடவில்லை. முழு மீனுக்கே ஒப்பிட்டான். அந்த மீனும் உயிரோடு நீரில் ஓடும் மீன்.

இவ்வாறான இடங்களில் நமக்குக் கைகொடுப்பவர் தொல்காப்பியர். பொருளதிகாரத்து உவமவியலின் தொடக்கத்திலேயே, உவமை தோன்றும் வகை நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒப்புமை, அது வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் விளைவு ஒப்புமை; அது பயன். துடி போன்ற இடை என்றால் வடிவு; அது மெய். பவளம் போன்ற வாய் என்றால் நிறம், அது உரு. பரீட்சைக்கு மனனம் செய்துவிட்டு மறந்துபோகிற சூத்திரம் இது. ஆனால் தமிழ் தெரியாத ஒருவருக்குப் பாட்டை விளக்க வேண்டிவரும்போது இதைவிட நல்ல கருவி கிடையாது. மீன் என்ற சொல்லை மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. இந்த மீன் நான்கில் எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மாணவிக்கு நான் சொன்னதும் அதுவே.

கயல் பெரும்பாலும் வினைக்காக வந்தது. கயல், சேல், கெண்டை என்று பாடல்களில் வருபவை குளத்திலும் வாய்க்காலிலும் வயல் நீரிலும் திரிகின்ற நன்னீர் மீன்கள். தெளிந்த நீரிலே ஒரு மீன் நிற்பதைப் பாருங்கள். நிற்பதுபோல இருக்கும், கணத்திலே வெட்டித் திரும்பும், வெள்ளி மின்னும், மறுகணம் வேறோரிடத்தில் நிற்கும். காதலனைப் பார்க்கவும் வேண்டும், பார்ப்பதை மற்றவர் காணவும் கூடாது என்றிருக்கும் பெண்ணின் பார்வை அப்படித்தான் ஓடும். கடைக்கண்ணுக்குப் போகும், திரும்பும், நிற்கும், மறுபடி பாயும். இதற்கு மேலே மெய்யும் ஒத்துப்போகிறது. மை தீட்டி, காதளவு நீண்ட கண்ணின் வெளிக்கோடு, நடுவிலே அகன்று இருமுனையும் கூர்ந்த ஒரு சிறு மீனின் கோடுதான்.

குருநாகல் குளங்களின் ஊர். அங்கே வளர்ந்தவருக்குக் கடல்மீனை உதாரணம் காட்டியதிலேதான் சிக்கல். நான் அவளிடம், "பலயாவையும் தலபத்தையும் விடு பிள்ளை. அவர் சின்ன வயதிலை குளக்கரையிலை பெத்தியா பிடிச்சிருப்பார். கைக்குள்ளை அகப்படாமல் அது எப்படித் திரும்பினது எண்டு நினைச்சுப் பாக்கச் சொல்லு" என்றேன். அடுத்தமுறை பேசியபோது, அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது என்றாள்.

கயலோடு சமயமும் சேர்ந்திருப்பதைச் சொல்லாமல் விடமுடியாது. மதுரையிலே இருக்கும் அம்மைக்குப் பெயரே மீனாட்சி, மீன் போன்ற கண்ணினள். மீன் பாண்டியரின் கொடியிலும் இருந்தது. நம் சைவப் பெரியோர் இதற்கு ஒரு விளக்கம் கூறுவர். பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாத்துப் பொரிக்கும். ஆமை நினைந்து பொரிக்கும். மீன் பார்த்துப் பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. குருவானவர் பார்வையாலே அருளும் நயன தீட்சைக்கு மீனை உவமை சொல்வது இதனாலேதான். விலங்கியல் ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். உவமைக்கு அவர் அனுமதி தேவையில்லை. இங்கே மீன் வந்தது பயனுக்காக. பார்வை உயிர் கொடுக்கிறது. திரைப்படக் கதாநாயகன், உன் கண் பட்டதால் நான் பிழைத்தேன் என்று உருகும்போது, அவன் அறிந்தோ அறியாமலோ மதுரைக் கோயில் வாசலில்தான் நிற்கிறான்.

மதுரை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. சிங்களத்தின் முதற் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம்பிடிக்கப்பட்டது மதுரையிலிருந்த சித்திரகலா மூவிடோன் கலையகத்தில். சிங்களத் திரைப்படம் முதன்முதலாகப் பாடியது மீன்கண்ணியின் ஊரிலேதான். இரு மொழிச் சினிமாக்களும் அயல்வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தவை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மீன் ஒருவாறு கரையேறிற்று. வேலில் வந்தது உண்மையான தடை. விழியை வேல் என்றும் அம்பு என்றும் வாள் என்றும் சொல்லும் பாட்டுகளுக்குக் கணக்கில்லை. வேல் என்ற சொல் அவருக்குப் புதிதன்று. கதிர்காமத்துக்குப் போனவர்; கொழும்பு ஆடிவேல் விழாவைத் தெருவோரம் நின்று பார்த்தவர். மொழிபெயர்ப்பு இல்லாமலே அந்தச் சொல் விளங்கிவிட்டது. விளங்கியபிறகு அவர் கேட்ட கேள்விதான் மாணவியை வாயடைக்கச் செய்தது. "உங்கட பாட்டுகளிலை காதலுக்குள்ளையும் ஏன் ஆயுதம்?"

இந்த நாட்டிலே, 2009 வரை நடந்த அத்தனைக்கும் பிறகு, ஒரு சிங்களக் கணவர் தன் தமிழ் மனைவியிடம் கேட்கும் இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. அவர் குத்தலாகக் கேட்கவில்லை; அறியவே கேட்டார் என்று அவள் சொன்னாள். ஆகவே அறிந்துதான் விடை சொல்லவேண்டும்.

முதலில் மெய்யைப் பாருங்கள். வேலின் அலகு இலை வடிவானது, நடுவிலே அகன்று நுனியிலே கூர்ந்தது. கண்ணும் அவ்வடிவே. வெண்விழியிலே ஓடும் செந்நிற நரம்புக் கோடுகளைச் செவ்வரி என்பர். அதைக் குருதி தோய்ந்த வேலுக்கு ஒப்பிட்ட புலவர் பலர். இவ்வளவோடு நிறுத்தினால் அவருடைய ஐயம் கூடுமேயன்றிக் குறையாது.

பயனுக்கு வந்தால் படம் மாறிவிடுகிறது. இந்த வேலால் குத்துண்டவன் யார்? எப்போதும் ஆண். சொல்பவனும் அவனே. திருக்குறளின் காமத்துப்பாலைத் தொடங்கும் தகையணங்குறுத்தல் என்ற அதிகாரத்தை அவளிடம் எடுத்துப் படிக்கச் சொன்னேன். அங்கே பேசுகிறவன் ஒரு போர்வீரன். களத்திலே பகைவரும் அஞ்சுகின்ற தன் வலிமை இவளுடைய நெற்றிக்கு முன்னாலே உடைந்துபோயிற்றே என்று ஒரு குறளில் ஓலமிடுகிறான். இன்னொன்றில், இது கூற்றுவனா, கண்ணா, பெண்மானா, மூன்றின் தன்மையும் இருக்கிறதே என்று தடுமாறுகிறான். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலே, இவளிடம் இரண்டு பார்வை உண்டு, ஒன்று நோய் தருவது, மற்றது அந்நோய்க்கு மருந்து என்கிறான். ஆயுதம் தூக்கிய ஒருவன், தன் ஆயுதம் செல்லாத இடம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் பேச்சு இது. வேல் என்ற சொல் இங்கே வீரனின் தோல்விக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. போரைப் புகழ வந்த சொல்லாக இதைக் கேட்டால், பாட்டைத் தலைகீழாகக் கேட்டவர்களாவோம்.

அத்தோடு அவர் மொழியிலேயே ஒரு சொல் இருப்பதையும் நினைவூட்டச் சொன்னேன். சிங்களத்திலே மன்மதனுக்குப் பெயர் மல்சரா. மல் என்றால் மலர், சர என்றால் அம்பு. மலரம்பு வைத்திருப்பவனை இரு மொழியாரும் நெடுங்காலமாக அறிவோம். நம் புலவர்கள் அந்த அம்பைக் காமன் கையிலிருந்து வாங்கிப் பெண்ணின் கண்ணிலே வைத்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

1960களில் திருக்குறள் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடி எடுத்து, நான் சொன்ன அதிகாரங்களை அவர் தாமாகவே வாசித்தாராம். பொருட்பாலை விட்டுவிட்டு நேராகக் காமத்துப்பாலுக்குப் போய்விட்டார் என்று அவள் முறைப்பட்டாள். நம்மவரிலும் அப்படிச் செய்பவர் உண்டு.

பூவுக்கு வந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. கண்ணுக்குக் குவளையை, நீலோற்பலத்தை ஒப்பிடுவது உருவுக்காக, நிறத்துக்காக. அது அவர்களுடைய நில் மானெல். 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ. சிங்களக் கவிஞரும் பெண்ணின் கண்ணை இந்தப் பூவாகவே பாடிவந்திருக்கிறார்கள். சிகிரியாக் கண்ணாடிச் சுவரிலே வந்துபோனவர்கள் கிறுக்கிவைத்த கவிகளைப் பேராசிரியர் பரணவிதான படித்து, 1956இல் 685 கவிகளாகப் பதிப்பித்தார். அவற்றிலும் ஓவியப் பெண்களை நீண்ட கண்ணியர் என்று விளித்து ஏங்குகிறவர்கள் பலர். வடமொழி, பாளி, தமிழ், சிங்களம் என்று இந்த நீலப்பூவுக்குச் சொந்தக்காரர் பலராதலால் யாரிடமிருந்து யார் வாங்கினார் என்று வழக்காடுவது வீண்வேலை.

எனினும் வள்ளுவர் அந்தப் பூவைக் கொண்டு செய்த ஒரு காரியத்தை மட்டும் அவருக்குச் சொல்லச் சொன்னேன். குவளைக்குக் கண் கிடைத்து அது இவளைப் பார்க்குமானால், இவள் கண்ணுக்கு நாம் ஒப்பாகோமே என்று வெட்கித் தலைகவிழ்ந்து நிலத்தைப் பார்க்கும் என்கிறார். பூ தண்டிலே வளைந்து நிற்பது நாம் காணும் காட்சி. அதற்கு நாணத்தைக் காரணமாக ஏற்றிச் சொல்வது கவி. கண்ணைப் பூவாக்கியவர்கள் ஆயிரம் பேர். பூவுக்குக் கண் கொடுத்துப் பார்த்தவர் இவர்.

இவ்வளவும் கேட்டபிறகு அவருக்கு ஒரு புதிய தொல்லை பிடித்தது. எந்தப் பாட்டில் விழி என்று வந்தாலும் அதற்குள்ளே ஒரு பெரும்பொருள் இருக்கும் என்று தோண்டத் தொடங்கிவிட்டார். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். சினிமாப் பாட்டிலே பெரும்பாலும் மெட்டு முன்னே வரும். சொல் பின்னே வந்து அதற்குள் உட்காரும். விழி என்பது இரண்டே குறில். எந்த மெட்டின் மூலையிலும் அடங்கும். வழி, மொழி, பொழி, வழி என்று எதுகைக்கும் இயைபுக்கும் ஓடிவரும் உறவினர் அதற்கு நிறைய. ஆகையால் இடத்தை நிரப்ப வந்த விழிகளே அதிகம். அவற்றைத் தோண்டினால் மண்தான் வரும்.

உயிருள்ளதையும் நிரப்ப வந்ததையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அடுத்த அடியைப் பாருங்கள். கண்ணை மீன் என்ற கவிஞர் அடுத்த அடியில் நீரையோ வலையையோ தூண்டிலையோ கொண்டுவந்தால், அவர் மீனை மீனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். கயல்விழி என்பது உவமைத்தொகை. விழிக்கயல் என்று திருப்பிப் போட்டால் உருவகம். உருவகமாகிவிட்டால் முகம் குளமாகும், இமை கரையாகும், பார்ப்பவன் நெஞ்சு தூண்டிலாகும் அல்லது இரையாகும். மீனை வைத்திருப்பவளே வலையையும் வீசுவாள். அந்த முரணிலே சுவை பிறக்கும். அடுத்த அடியில் மீன் காணாமற்போய்த் தேனும் மானும் வந்துவிட்டால், அது ஓசைக்காக வந்த மீன். கேட்டு இரசித்துவிட்டு அப்பாலே போகலாம்.

கடைசியாக, உவமையே இல்லாத ஓர் இடத்தை அவருக்குக் காட்டவேண்டும் என்று விரும்பினேன். 1965இல் வெளிவந்த 'வாழ்க்கைப் படகு' படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ஒரு பாட்டு. நேற்றுவரை யாரோவாக இருந்த இருவர் இன்று வேறாகிவிட்டதைச் சொல்லித் தொடங்குவது. குறுந்தொகையிலே செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பாடிய புலவரின் நாற்பதாவது பாட்டும், உன் தாயும் என் தாயும் யார் யாரோ என்ற வியப்பிலேதான் தொடங்குகிறது. அந்த வாசனை இந்தப் பாட்டின் வாசலிலேயே வீசுகிறது.

உள்ளே போனால் இருப்பது குறிப்பறிதல் அதிகாரத்துக் குறள். நான் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்க்கிறாள். நான் பாராதபோது என்னைப் பார்த்துத் தனக்குள்ளே மெல்லச் சிரிக்கிறாள். இது வள்ளுவரின் காதலன் கண்டது. கண்ணதாசனின் காதலன் ஒரு சிறு மாற்றம் செய்கிறான். அவன் வெறுமனே பாராமல் இருப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறான். அவள் மண்ணைப் பார்க்க, அவன் விண்ணைப் பார்க்க, இரண்டு பார்வைகளுக்கும் நடுவே உலகம் முழுவதும் விரிகிறது. மெட்டுக்கு எதுகையும் கிடைத்தது. காதலுக்கு இடமும் கிடைத்தது. அவன் வானத்தைப் பார்ப்பது வானத்துக்காகவா? அவள் தன்னைப் பார்க்க ஓர் அவகாசம் கொடுப்பதற்காகத்தான். இதை வள்ளுவர் வெளியிலே சொல்லவில்லை. கண்ணதாசன் அதைக் கண்டு எடுத்தார் என்பது என் எண்ணம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. குறளிலே அவள் சிரித்துவிடுகிறாள். பாட்டிலே இன்னும் சிரிக்கவில்லை. நேரே பார்த்தால் நிலவு தேய்ந்துவிடுமா, சிரித்தால் பூமுகம் சிவந்துவிடுமா என்று அவன் கெஞ்சிக் கேட்கிறான். குறளின் கடைசிச் சொல்லைக் கண்ணதாசன் கேள்வியாக்கிவிட்டார். இரண்டடியிலே முடிந்த ஒன்றைச் சில நிமிடங்கள் நீட்டிப்பாட அவருக்கு அந்தச் சிரிப்பின் தாமதம் தேவைப்பட்டது. அப்பாட்டை நம் தலைமுறையினர் படம் பார்க்குமுன்னரே வானொலியில் கேட்டவர்கள். கதாநாயகியின் கண்ணைக் கமரா காட்டுவதற்குமுன் நாமே நமக்கு ஒன்றை வரைந்துகொண்டோம்.

மாணவி இதைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். நாணம் தடையின்றிப் போயிற்று. அந்த வெட்கத்தைச் சிங்களக் கிராமமும் அறியும். பார்வைகளின் விளையாட்டும் போயிற்று. மண்ணும் விண்ணும்தான் போகவில்லை. பொலவ, அஹச என்று சொன்னால் பொருள் வருகிறது. ஒன்றையொன்று கூப்பிடும் ஓசை வரவில்லை. அதற்கு நானும் ஒன்றும் செய்யமுடியாது என்றேன். அவள் வேறொரு காரியம் செய்தாளாம். அந்த இரண்டு சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் தமிழிலேயே விட்டு, முன்பின்னைச் சிங்களத்தில் சொன்னாளாம். இப்போது அவருக்கு மண், விண், கண் என்று மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும். றகர, னகர, ணகர வேறுபாட்டிலே நம் பிள்ளைகள் விடும் பிழையை அவர் விடுவதில்லை என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

அந்தப் பாட்டிலே வந்த நிலவைப் பற்றி அவர் கேட்டிருக்கிறார். முகம் நிலவென்றால் தேய்பிறையில் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. முழுநிலா தோறும் போயா அனுட்டிக்கும் வீட்டிலே வளர்ந்தவர் கேட்கும் கேள்வியாதலால், அதற்கு வேறொரு வாரம் ஒதுக்கவேண்டியிருக்கிறது.